மலையில் கரண்ட் போனால் குரூப்பில் எத்தனை மெசேஜ்? அலர்ட்களைத் தொகுக்க மூன்று வழிகள்

போன மே மாதம், கோடை மழை பிடித்த ஒரு சாயங்காலம். சேலத்தில் எங்கள் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் சேர்வராயன் மலை தெரியாத அளவுக்கு மேகம். 4:52-க்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் மின்சாரம் போனது. 4:57-லிருந்து எங்கள் டெலிகிராம் குரூப்பில் மெசேஜ்கள் கொட்ட ஆரம்பித்தன. இரவு ஏழு மணிக்குள் மொத்தம் 371 மெசேஜ்.

நாங்கள் நான்கு பேர். மலையில் உள்ள காபித் தோட்டங்களில் மண் ஈரம், இலை ஈரம், மழை அளவு, வெப்பம் ஆகியவற்றை அளக்கும் சென்சார்களை வைத்து, அந்தத் தகவலைத் தோட்டக்காரர்களுக்குத் தருவது எங்கள் வேலை. நான்கு சென்சாருக்கு ஒரு கேட்வே. கேட்வேதான் சென்சார் சொல்வதைச் சிம் வழியாகச் சேலத்துக்கு அனுப்பும் பெட்டி. நாகலூர், செம்மடுவு, மஞ்சக்குட்டை என்று மூன்று வட்டாரமாகப் பிரித்து வைத்திருக்கிறோம். அன்று 38 கேட்வே நின்றன. கேட்வே நின்றால் அதன் நான்கு சென்சாரும் பேசாது. ஒவ்வொன்றுக்கும் தனி அலர்ட் வைத்திருந்ததால் 38 கேட்வேக்கு 190 அலர்ட். நடுவில் ஜெனரேட்டரால் 3, 5:48-க்குக் கரண்ட் திரும்பியதும் 33 என 36 கேட்வே எழுந்தன, அதற்கு "சரியாகிவிட்டது" என்று 180 மெசேஜ். ஆக 370.

மீதி ஒன்றுதான் என்னை இதை எழுத வைத்தது. 5:01-க்கு எங்கள் டேட்டாபேஸ் சர்வரில் டிஸ்க் 90 சதவீதம் நிரம்பிவிட்டது என்று ஒரு அலர்ட் கிளம்பியது. ஒரு குரூப்புக்கு நிமிடத்துக்கு 20 மெசேஜ்தான் பாட் அனுப்பலாம் என்பது டெலிகிராமின் கட்டுப்பாடு. 4:57-க்கு ஒரே நேரத்தில் 26 கேட்வே போனதால் 130 மெசேஜ் வரிசையில் நின்றன. டிஸ்க் அலர்ட்டுக்கு முன்னால் இன்னும் 50 இருந்தன. இரண்டரை நிமிடம் தாமதம், அவ்வளவுதான். தாமதம் கெடுக்கவில்லை. அது வந்து விழுந்த இடம் கெடுத்தது. மேலே 130, கீழே இன்னும் 60, நடுவில் ஒரே ஒரு வரி. அதற்குள் எங்கள் டீமில் இளையவன் போன் செய்தான்: "அண்ணா, மலைல கரண்ட் இல்லையாம். தோட்டத்து ரைட்டர் சொல்லிட்டாரு. குரூப்ப மியூட்ல போட்டுட்டேன்." நானும் சரி என்றேன்.

யாரோ டீபக் லாகை அணைக்க மறந்திருந்ததால் அந்த டிஸ்க் மணிக்கு 2 ஜிபி வேகத்தில் நிரம்பிக்கொண்டிருந்தது. 40 ஜிபி டிஸ்க்கில் மிச்சம் 4 ஜிபி. ஏழு மணிக்கு டேட்டாபேஸ் எழுதுவதை நிறுத்தியது. நாங்கள் பார்த்தது 8:40-க்கு. கேட்வேக்களின் நினைவில் இடம் இருந்தவரை தகவலைப் பிடித்து வைத்தன, அப்புறம் பழையதை அழிக்கத் தொடங்கின. மழை பெய்த அந்த இரவின் இலை ஈரக் கணக்கு பல தோட்டங்களுக்குக் கிடைக்காமலே போனது. நோய் வருமா என்று கணிக்க அவர்கள் பார்ப்பதே அந்தக் கணக்கைத்தான்.

அதன் பிறகு மூன்று வழிகளை எடுத்துக்கொண்டு, அதே சாயங்காலத்தை ஒவ்வொன்றிலும் மறுபடி ஓட்டிப் பார்த்தோம். அந்த நாளின் அலர்ட்கள் நேரத்தோடு பதிவாகியிருந்ததால் இதைச் செய்ய முடிந்தது. உங்களிடமும் அப்படி ஒரு மோசமான நாளின் பதிவு இருந்தால் முதலில் அதைத் தேடி எடுங்கள். கற்பனையாக உட்கார்ந்து ஒப்பிடுவதைவிட அது பல மடங்கு மேல்.

முதல் வழி: அலர்ட்மேனேஜரே தொகுக்கட்டும்

அளவுகளைக் கண்காணித்து அலர்ட் எழுப்ப ப்ரோமிதியஸும், அந்த அலர்ட்களை எங்களுக்கு அனுப்ப அலர்ட்மேனேஜரும் வைத்திருக்கிறோம். அதில் தொகுக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. நாங்கள்தான் ஆரம்பத்தில் "எதுவும் விட்டுப்போகக் கூடாது" என்று `group_by: ['...']` போட்டு அதை அணைத்து வைத்திருந்தோம். அந்த மூன்று புள்ளிக்கு, தொகுக்காதே, ஒவ்வொன்றையும் தனியாக அனுப்பு என்று அர்த்தம். அதை எடுத்துவிட்டு இப்படி மாற்றினால்:

```yaml
route:
  receiver: telegram
  group_by: ['alertname', 'zone']
  group_wait: 30s
  group_interval: 5m
  repeat_interval: 4h
```

மூன்று நேரங்களும் அலர்ட்மேனேஜர் தானாக எடுத்துக்கொள்ளும் அளவுகள்தான். ஒரு வட்டாரத்தில் முதல் அலர்ட் வந்ததும் 30 விநாடி காத்திருக்கும், அதற்குள் கூட வருபவற்றையும் சேர்த்து ஒரே மெசேஜாக அனுப்பும். அதன் பிறகு அந்தக் கூட்டத்தில் புதிதாக ஒன்று சேர்ந்தாலோ ஒன்று சரியானாலோ 5 நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லும். எதுவும் மாறாவிட்டால் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை நினைவூட்டும்.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டியது, கேட்வே நின்றால் அதன் சென்சார் அலர்ட்களை அடக்கி வைப்பது:

```yaml
inhibit_rules:
  - source_matchers: ['alertname="GatewayDown"']
    target_matchers: ['alertname="SensorSilent"']
    equal: ['gateway']
```

190 அலர்ட்டில் 152 இந்த நான்கு வரியில் போய்விடும். எந்த வழியை எடுத்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள் என்பேன். தொகுப்பது வேறு, தேவையற்றதை எழாமலே செய்வது வேறு. 190-ஐத் தொகுத்துப் படிப்பதைவிட 38-ஐத் தொகுத்துப் படிப்பது எளிது.

இதில் நாங்கள் தடுக்கி விழுந்த இடம் இரண்டு. ஒன்று, `equal`-இல் எழுதிய லேபிள் இரண்டு பக்க அலர்ட்டிலும் இல்லாமலே போனால், இரண்டும் சமம் என்றுதான் அலர்ட்மேனேஜர் எடுத்துக்கொள்ளும். சோதித்துப் பார்த்தபோது ஒரு விதியில் `gateway` என்பதற்குப் பதிலாக `gw` என்று இருந்தது, அலர்ட்டில் வந்த லேபிளோ `gateway`. எங்கோ ஒரு கேட்வே நின்றதும் மலை முழுவதும் சென்சார் அலர்ட்கள் வாயடைத்துவிட்டன. சத்தமில்லாமல் நடக்கும் தவறு இது. குரூப் அமைதியாக இருப்பதைப் பார்த்து நமக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். இரண்டு, கேட்வே அலர்ட்டும் சென்சார் அலர்ட்டும் ஒரே 5 நிமிடத்தில் எழும்படி இருந்தால் எது முந்தும் என்று சொல்ல முடியாது. சென்சார் முந்தினால் அடக்குவதற்குள் மெசேஜ் போயிருக்கும். அதனால் சென்சாருக்கு 10 நிமிடம் என்று மாற்றினோம்.

சரி, இந்த வழியில் அந்தச் சாயங்காலம் எப்படிப் போகும்? 4:57-ஐ ஒட்டி வட்டாரத்துக்கு ஒன்றாக மூன்று மெசேஜ். 12 கேட்வேக்குச் சின்ன பேட்டரி இருந்ததால் அவை உடனே நிற்காமல் 5:35 வரை ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. நடுவில் 3 தோட்டங்களில் ஜெனரேட்டர் போட்டதால் 3 கேட்வே திரும்பின. இந்த 15 மாற்றங்களுக்கு அதிகம் போனால் 15 மெசேஜ். கரண்ட் வந்தபோது இன்னும் சில. 371 இருந்த இடத்தில் 20 சொச்சம். டிஸ்க் அலர்ட் வேறு கூட்டம் என்பதால் 30 விநாடியில் தனியாக வந்திருக்கும். நல்ல முன்னேற்றம்தான்.

ஆனால் அந்த 20-ஐப் படித்துப் பாருங்கள். அலர்ட்மேனேஜர் ஒவ்வொரு முறையும் புதிதாக வந்ததை மட்டும் சொல்வதில்லை, கூட்டம் முழுவதையும் திரும்பச் சொல்லும். நாகலூரில் ஒரு கேட்வே கூடுதலாக நின்றால் பழைய 15 பெயரும் சேர்ந்து வரும். எது புதிது என்று கண்ணால் தேட வேண்டும்.

அப்போது எங்களுக்கு வந்த யோசனை உங்களுக்கும் வரும்: `group_interval`-ஐ 30 நிமிடமாக நீட்டிவிட்டால் அதுவே டைஜெஸ்ட், அதாவது அரை மணிக்கு ஒருமுறை வரும் ஒரே தொகுப்பு மெசேஜ், ஆகிவிடாதா? ஆகாது. முதல் மெசேஜ் அரை நிமிடத்தில் போய்விடும், அதில் அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தவை மட்டும்தான் இருக்கும். மற்றவை அரை மணி காத்திருக்கும். அந்த அரை மணியும் கடிகாரத்தின் அரை மணி இல்லை, அந்தக் கூட்டம் பிறந்த நொடியிலிருந்து எண்ணுவது. அதனால் மூன்று வட்டாரமும் மூன்று நேரத்தில் பேசும். இதைவிடப் பெரிய குறை, இடைவெளிக்குள் எழுந்து அடங்கிய அலர்ட் சில சமயம் வெளியே தெரியாமலே போய்விடுவது. ஒரு கேட்வே அரை மணிக்குள் நான்கு முறை விழுந்து எழுந்தால் அதன் சிம்மோ பவர் அடாப்டரோ கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைத்தான் டைஜெஸ்ட் நமக்குக் காட்ட வேண்டும், அதைத்தான் இந்த முறை விழுங்கும். அலர்ட்மேனேஜரின் தொகுப்பு, ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் எழும் அலர்ட்களைச் சேர்ப்பதற்காகச் செய்தது. கால அட்டவணைப்படி அறிக்கை தருவதற்குச் செய்ததில்லை.

இரண்டாவது வழி: ஒரு மெசேஜையே திருத்திக்கொண்டிருப்பது

டெலிகிராமில் பாட் தான் அனுப்பிய மெசேஜை `editMessageText` மூலம் மாற்றலாம். ஸ்லாக்கில் `chat.update` அதே வேலையைச் செய்யும். கரண்ட் போனதும் ஒரு மெசேஜ், அதில் 26 என்று இருக்கும். ஒவ்வொன்றாகக் கூடக் கூட எண் மாறும். முடிவில் 2 என்று நிற்கும். அந்தச் சாயங்காலத்துக்கு ஒரே மெசேஜ்.

பார்க்க அழகாக இருக்கும். சுவரில் ஒரு டிவி மாட்டி அதையே பார்த்துக்கொண்டிருக்கும் இடமாக இருந்தால் இதைத்தான் எடுப்பேன். எங்களுக்குச் சரிவரவில்லை. திருத்தினால் போனில் சத்தம் வராது. மெசேஜ் இருந்த இடத்திலேயே இருக்கும், நாங்கள் "யார் மலைக்குப் போறது?" என்று நாலு வரி பேசினால் அது மேலே போய்விடும். குரூப்பின் மேலே பின் குத்தி வைக்கலாம்தான். ஆனால் 5:30-க்கு அது என்ன சொன்னது என்று மறுநாள் கேட்டால் பதில் இல்லை, பழைய எழுத்தின் மேலேயே புதியதை எழுதியாகிவிட்டது. இதோடு இதை விட்டுவிட்டோம்.

மூன்றாவது வழி: சேர்த்து வைத்து, மணி அடித்ததும் சொல்வது

இதில் அலர்ட் எழுந்ததும் குரூப்புக்குப் போகாது. அலர்ட்மேனேஜரின் வெப்ஹூக் அதை எங்கள் சின்ன புரோகிராமுக்கு அனுப்பும், அது ஒரு எஸ்க்யூலைட் டேபிளில் எழுதி வைக்கும். அரை மணிக்கு ஒருமுறை கிரான் எழுப்பும் ஸ்கிரிப்ட் அந்த டேபிளைப் படித்து ஒரே மெசேஜாகச் சொல்லும். கேட்க எளிது. நான்கு இடங்களில் கவனம் வேண்டும், அந்த நான்கும்தான் இந்த வழியின் உண்மையான விலை.

முதலில், எதைச் சொல்வது என்பது. நாங்கள் முதலில் எழுதிய டைஜெஸ்ட் அரை மணியில் வந்த அலர்ட்களை நேர வரிசையில் அடுக்கியது. 38 மெசேஜை ஒரு மெசேஜுக்குள் திணித்தது போலத்தான் இருந்தது. டெலிகிராமில் ஒரு மெசேஜுக்கு 4096 எழுத்துதான், அதையும் தாண்டி உடைந்தது. படிக்கிறவருக்கு வேண்டியது நடந்த கதை இல்லை, இந்த நிமிட நிலவரம். எது இன்னும் நிற்கிறது, எது புதிது, எது வந்து போனது, இந்த வரிசையில். இப்போது 5:30 டைஜெஸ்ட் இப்படி இருக்கும்:

```
மலை நிலவரம் 17:30
இன்னும் நிற்பவை: 33 கேட்வே (முன்பு 26)
  நாகலூர் 18, செம்மடுவு 9, மஞ்சக்குட்டை 6
  பழையது: NGL-07, 16:57 முதல்
இடையில் நின்று திரும்பியவை: 3
```

26 வேறு, 33 வேறு என்று ஒரே பார்வையில் தெரிகிறது. பெயர்கள் வேண்டுமென்றால் டேஷ்போர்டில் பார்க்கலாம். நிற்பவை ஐந்துக்கும் குறைவு என்றால் மட்டும் பெயர்களை இங்கேயே எழுதுகிறோம்.

இதன் பலன் ஆறு மணி டைஜெஸ்டில்தான் தெரிகிறது: "இன்னும் நிற்பவை: 2. NGL-07, SMD-11." மின்னலில் அடாப்டர் கருகிப்போன இரண்டு கேட்வே அவை. உண்மையில் அந்த நாளில் 180 "சரியாகிவிட்டது" மெசேஜ்களுக்கு நடுவே, வராத பத்து மெசேஜை யார் கவனிக்க முடியும்? மூன்று நாள் கழித்துத் தோட்டத்து ரைட்டர் கூப்பிட்டு, "சார், எங்க மழை கணக்கு ஏன் வரலை?" என்று கேட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இரண்டாவது, எப்போது சொல்வது. இதில் மூன்று கணக்கு உண்டு. கடிகாரப்படி அரை மணிக்கு ஒருமுறை என்று வைக்கலாம். முதல் அலர்ட் வந்ததிலிருந்து அரை மணி என்று வைக்கலாம். அல்லது கடைசி அலர்ட் வந்து 5 நிமிடம் அமைதியாக இருந்தால் அனுப்பு என்று வைக்கலாம். மூன்றாவது எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது, புயல் அடங்கிய பிறகு முழுக் கணக்கு கிடைக்கும் என்று. மறுபடி ஓட்டிப் பார்த்ததில் அது 5:40 வரை வாயே திறக்கவில்லை. பேட்டரி உள்ள கேட்வேக்கள் மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒன்றாக நின்றுகொண்டிருந்ததால், 5 நிமிட அமைதி கிடைக்கவே இல்லை. நிலைமை மோசமாக ஆக ஆக ஊமையாகும் முறை அது. அதையே எடுப்பதானால் "எப்படியும் 15 நிமிடத்துக்குள் அனுப்பு" என்று ஒரு உச்சவரம்பு கட்டாயம் வேண்டும்.

நாங்கள் கடிகாரப்படி என்று எடுத்தோம். ஒரு அலர்ட் சராசரியாக 15 நிமிடம், அதிகபட்சம் 30 நிமிடம் காத்திருக்கும். எப்போது வரும் என்று எல்லாருக்கும் தெரிவதால், மணி ஐந்தரை ஆகிவிட்டதே என்று தானாகவே போனைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

மூன்றாவது, டேபிளைக் காலி செய்வது. இதில்தான் அலர்ட் தொலையும். டைஜெஸ்டைத் தயாரித்து, டெலிகிராமுக்கு அனுப்பி, "சொல்லியாகிவிட்டது" என்று குறிப்பதற்குள் இரண்டு விநாடி ஆகலாம். அந்த இரண்டு விநாடிக்குள் புதிதாக ஒரு அலர்ட் டேபிளுக்கு வந்தால்? சொல்லாதவை எல்லாவற்றையும் சொன்னதாகக் குறி என்று எழுதியிருந்தால் அதுவும் சேர்ந்து மறையும். அதனால் முதலில் எல்லையைக் குறித்துக்கொண்டு, அதுவரை உள்ளவற்றை மட்டும் படித்து, அதுவரை மட்டும் குறிக்க வேண்டும்:

```sql
SELECT max(id) FROM events WHERE digested = 0;   -- cutoff
SELECT * FROM events WHERE digested = 0 AND id <= :cutoff;
-- இங்கே அனுப்பு; ok வந்த பிறகுதான் அடுத்த வரி
UPDATE events SET digested = 1 WHERE id <= :cutoff;
```

அனுப்பிய பிறகு குறித்தால், நடுவில் ஸ்கிரிப்ட் விழுந்தால் அதே டைஜெஸ்ட் இரண்டு முறை வரும். அனுப்பும் முன் குறித்தால், விழுந்தால் ஒரு முறையும் வராது. இரண்டு முறை வருவது தொல்லை, வராமல் போவது நஷ்டம். தொல்லையை எடுத்துக்கொண்டோம். முந்தைய ஓட்டம் முடியும் முன் அடுத்தது தொடங்கிவிடாமல் இருக்க, கிரான் வரியில் `flock -n` சேர்த்திருக்கிறோம்.

இங்கே இன்னொன்று சொல்ல வேண்டும். வெப்ஹூக்குக்குப் போகும் பாதையில் அலர்ட்மேனேஜரின் நேரங்களைக் குறைவாகத்தான் வைக்க வேண்டும். நாங்கள் `group_wait: 0s`, `group_interval: 1m` வைத்திருக்கிறோம். அங்கே மனிதர் யாரும் இல்லை, டேபிள்தான். அதை எத்தனை முறை தட்டினாலும் அது மியூட் செய்யாது. இங்கேயும் 5 நிமிடம் வைத்தால் முதல் வழியில் சொன்ன அந்த விழுங்கல் மறுபடி வரும். கூட்டம் முழுவதும் திரும்பத் திரும்ப வருமே என்றால், ஒவ்வொரு அலர்ட்டோடும் `fingerprint`, `startsAt`, `status` மூன்றும் வெப்ஹூக்கில் வருகின்றன. அந்த மூன்றுக்கும் சேர்த்து யூனிக் வைத்து `INSERT OR IGNORE` என்று எழுதினால் ஒரு நிகழ்வு ஒரு வரியாகத்தான் நிற்கும். விழுந்து விழுந்து எழும் கேட்வேயின் `startsAt` ஒவ்வொரு முறையும் மாறும் என்பதால் விழுந்ததற்கு நான்கு தனி வரி நிற்கும், டைஜெஸ்டில் "4 முறை" என்று காட்டலாம்.

நான்காவது, டைஜெஸ்டே நின்றுபோனால் எப்படித் தெரியும்? என்னைப் பொறுத்தவரை இந்த வழியின் பெரிய ஆபத்து இதுதான். அலர்ட் தனித்தனியாக வந்த காலத்தில் ஒன்று தவறினால் ஒன்றுதான் தவறும். இப்போது ஒரு ஸ்கிரிப்ட் விழுந்தால் எல்லாம் தவறும், குரூப்போ மலை நன்றாக இருக்கும் நாள் போலவே அமைதியாக இருக்கும். ஒவ்வொரு அரை மணிக்கும் "எல்லாம் சரி" என்று அனுப்பிப் பார்த்தோம். ஒரு நாளில் 48 மெசேஜ், இரண்டாம் நாளே யாரும் பார்க்கவில்லை. இப்போது மாற்றம் இருந்தால்தான் அரை மணி டைஜெஸ்ட் வரும். காலை 9-க்கும் மாலை 6-க்கும் மட்டும், சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும் வரும். அதோடு ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறை ஒழுங்காக முடித்ததும், மெசேஜ் போகாத முறையிலும்கூட, நேரத்தை ஒரு மெட்ரிக்காக எழுதும். ப்ரோமிதியஸ் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்:

```yaml
- alert: DigestStuck
  expr: >
    time() - digest_last_success_timestamp_seconds > 2700
    or absent(digest_last_success_timestamp_seconds)
```

2700 விநாடி என்றால் 45 நிமிடம். இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள். அந்த மெட்ரிக்கே இல்லாமல் போனால் முதல் வரி எந்த விடையும் தராது, அலர்ட்டும் எழாது. இந்த அலர்ட் டைஜெஸ்ட் வழியாகப் போகக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. நேராகக் குரூப்புக்குப் போகும்.

எதை எங்கே அனுப்புவது

ஆக நாங்கள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. முதல் வழியும் மூன்றாவது வழியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. எந்த அலர்ட் எதில் போக வேண்டும் என்பதுதான் மிச்சக் கேள்வி. "முக்கியமானது, சாதாரணமானது" என்று பிரிக்க உட்கார்ந்தால் அவரவருக்கு அவரவர் அலர்ட் முக்கியம். நாங்கள் கேட்டுக்கொண்டது வேறு: இது அரை மணி தாமதமாகத் தெரிந்தால் என்ன கெடும்?

கேட்வே நின்றால் எதுவும் கெடாது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறித் தோட்டத்துக்குப் போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், இடி மழையில் யாரையும் போகச் சொல்லவும் மாட்டோம். டைஜெஸ்டுக்குப் போகட்டும். டிஸ்க்? 4 ஜிபி மிச்சம், மணிக்கு 2 ஜிபி போகிறது, கையில் இருப்பது இரண்டு மணி நேரம். அதில் அரை மணியைக் காத்திருப்பில் கொடுக்க மாட்டேன். நேராக வரட்டும். சென்சார் பேட்டரி குறைவு என்பது நாள் கணக்கில் பார்க்கும் விஷயம், காலை 9 மணி டைஜெஸ்டில் மட்டும் வந்தால் போதும்.

ஒரு சிக்கல் இருந்தது. ஒரு கேட்வே நிற்பது அவசரமில்லை, 15 கேட்வே ஒரேயடியாக நிற்பது வேறு செய்தி. அது கரண்ட்டாக இருக்கலாம், மொபைல் டவராக இருக்கலாம், எங்கள் சர்வரே தகவல் வாங்காமல் நிற்பதாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னது எங்கள் தவறு, உடனே தெரிய வேண்டும். அதை டைஜெஸ்ட் ஸ்கிரிப்டுக்குள் எண்ணிப் பார்க்கச் சொல்வதைவிட, ப்ரோமிதியஸிலேயே தனி அலர்ட்டாக எழுதுவது சுத்தமாக இருந்தது:

```
count by (zone) (time() - gateway_last_seen_seconds > 300) > 8
```

ஒரு வட்டாரத்தில் எட்டுக்கு மேல் நின்றால் ஒரே ஒரு மெசேஜ், நேராகக் குரூப்புக்கு. எட்டு என்பது எங்கள் மலைக்கான எண். சாதாரண நாளில் ஒரு வட்டாரத்தில் இரண்டு மூன்று கேட்வே நின்றுகொண்டுதான் இருக்கும். உங்கள் சாதாரண நாளில் எத்தனை என்று எண்ணிப் பார்த்து அதற்கு நன்றாக மேலே வையுங்கள்.

இந்தக் கலவையில் அந்தச் சாயங்காலத்தை ஓட்டினால்: 4:57-க்கு நாகலூர் வட்டாரம் விழுந்தது என்று ஒரு மெசேஜ். 5:00-க்கு டைஜெஸ்ட், 26. 5:01 தாண்டி அரை நிமிடத்தில் டிஸ்க். மேலே இரண்டே மெசேஜ் இருக்கும் குரூப்பில் அது கண்ணில் படாமல் போகாது. அப்புறம் செம்மடுவு எட்டைத் தாண்டும்போது ஒன்று, 5:30 டைஜெஸ்ட், கரண்ட் வந்ததும் இரண்டு வட்டாரத்துக்கும் "சரியாகிவிட்டது" என்று இரண்டு, ஆறு மணி டைஜெஸ்ட். எட்டு மெசேஜ்.

உங்களிடம் பத்துப் பன்னிரண்டு பெட்டிதான் இருக்கிறது என்றால் மூன்றாவது வழிக்குப் போகாதீர்கள். அந்த டேபிள், கிரான், மெட்ரிக் எல்லாவற்றையும் பராமரிக்க ஆள் வேண்டும், பத்துப் பெட்டிக்கு அது கட்டாது. அடக்கும் விதியும் 5 நிமிடத் தொகுப்பும் போதும். எங்களுக்கு அது கட்டுப்படியானது, நின்றுபோன கேட்வேயை மூன்று நாள் கழித்து ரைட்டர் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலை இருந்ததால்தான்.

டைஜெஸ்ட் வைத்த பிறகு அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையில் மறுபடி கரண்ட் போனது. இரவு 7:30 டைஜெஸ்டில் "இன்னும் நிற்பவை: 1. MJK-03" என்று இருந்தது. மறுநாள் காலை ஒரு அடாப்டரைப் பையில் போட்டுக்கொண்டு இளையவன் முதல் பஸ்ஸில் மஞ்சக்குட்டைக்குக் கிளம்பினான்.